வட்டியைப் பற்றிச் சண்டை போடுகிறவர்கள் இரண்டாவது சமன்பாட்டைப் படிப்பதே இல்லை

நீளமான பதிவு. சாயங்காலம் டீ குடித்துவிட்டு, ஒரு பேப்பரும் பேனாவும் எடுத்து வைத்துக்கொண்டு படியுங்கள்.

என்னிடம் எட்டாம் வகுப்பில் கணக்குப் படித்த பெண் ஒருத்தி இப்போது எம்.ஏ. பொருளாதாரம் படிக்கிறாள். "சார், மூன்று சமன்பாட்டு மாதிரி என்று ஒன்று இருக்கிறது, கணக்குதான், பார்த்துச் சொல்லுங்கள்" என்று ஒரு பயிற்சி மையத்தின் நோட்ஸை அனுப்பியிருந்தாள். அதே வாரம் நம் குடும்பக் குழுவில் மாப்பிள்ளைகள் இருவர் ரிசர்வ் வங்கியின் வட்டியை வைத்து விடியவிடிய மோதிக்கொண்டார்கள். ஒருவர் வீட்டுக்கடன் கட்டுகிறவர். இன்னொருவர் பணி ஓய்வுப் பணத்தை வைப்புநிதியில் போட்டிருப்பவர். ஒருவருக்கு வட்டி ஏறக்கூடாது, மற்றவருக்கு இறங்கக்கூடாது. நோட்ஸையும் படித்தேன், சண்டையையும் படித்தேன். இரண்டிலும் ஒரே ஓட்டை. அதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு.

நான் பொருளாதாரப் பட்டம் வாங்கியவன் அல்ல, ஆசிரியர் பயிற்சி முடித்த கணக்கு வாத்தியார். ஆனால் இதில் இருக்கும் கணக்கு நம் பத்தாம் வகுப்புக் கணக்கைத் தாண்டவில்லை. வெண்டி கார்லின், டேவிட் சோஸ்கிஸ் என்ற இரண்டு பேராசிரியர்கள் 2005, 2006 வாக்கில் இதைப் பாடநூல் வடிவத்துக்குக் கொண்டுவந்தார்கள். மூன்றே வரி:

```
x1 = −a (r0 − rs)
π1 = π0 + α x1
x1 = −αβ (π1 − πT)
```

x என்பது உற்பத்தி இடைவெளி. நாடு தன் இயல்பான அளவைவிட எத்தனை சதவீதம் கூடவோ குறையவோ உற்பத்தி செய்கிறது என்பது. மைனஸில் போனால் வேலையில்லாத வீடுகள் கூடும். π என்பது பணவீக்கம், πT என்பது இலக்கு. நம் நாட்டில் இலக்கு 4 சதவீதம். r என்பது நிஜ வட்டி, அதாவது வட்டியிலிருந்து எதிர்பார்க்கும் பணவீக்கத்தைக் கழித்தது. rs என்பது பொருளாதாரத்தைத் தள்ளவும் செய்யாத, இழுக்கவும் செய்யாத இயல்பு வட்டி.

முதல் வரி தேவைக் கோடு. இன்று வட்டியை ஏற்றினால் அடுத்த காலத்தில்தான் தேவை குறையும். 0, 1 என்று கீழே போட்டிருக்கும் சின்ன எண்களைக் கவனியுங்கள். இரண்டாவது வரி பிலிப்ஸ் கோடு. மூன்றாவது வரி மத்திய வங்கி எப்படி எதிர்வினை செய்யும் என்பது.

அந்த நோட்ஸ் இந்த மூன்றையும் பெட்டி போட்டு, "மனப்பாடம் செய்க" என்று அச்சடித்திருக்கிறது. மூன்றும் ஒரே இனம் என்பதுபோல! முதல் இரண்டும் மக்கள் எப்படி நடந்துகொள்கிறார்கள் என்ற அனுமானம். மூன்றாவது அப்படியல்ல. அது ஒருவர் உட்கார்ந்து எடுக்கும் முடிவு. வேலை இழப்பின் வலியையும் விலையேற்றத்தின் வலியையும் தராசில் போட்டு, எதற்கு எவ்வளவு எடை என்று முடிவு செய்கிறார்கள். அந்த எடைதான் பீட்டா. பீட்டா பெரிதானால் விலையேற்றத்தைப் பொறுக்காத கறார் வங்கி. சிறிதானால் மெதுவாகப் போகலாம் என்னும் வங்கி. 2016-ல் திருத்திய ரிசர்வ் வங்கிச் சட்டம், வளர்ச்சியையும் மனதில் வைத்துக்கொண்டு விலை நிலைத்தன்மையைக் காக்க வேண்டும் என்கிறது. எவ்வளவு மனதில் வைப்பது? அந்த எண் சட்டத்தில் இல்லை. ஆறு பேர் கொண்ட குழுவின் தலைக்குள் இருக்கிறது. "மாதிரி சொல்கிறது, அதனால் வட்டியை ஏற்றித்தான் ஆக வேண்டும்" என்று யாராவது தொலைக்காட்சியில் சொன்னால் நம்பாதீர்கள். பீட்டா இன்னது என்று சொல்லும்வரை மாதிரி வாய் திறக்காது.

மாப்பிள்ளைகள் சண்டை போட்டதும் இந்தப் பீட்டாவைப் பற்றித்தான், அவர்களுக்கே தெரியாமல். ஒருவர் கறார் வங்கி வேண்டும் என்கிறார், மற்றவர் இரக்கமுள்ள வங்கி வேண்டும் என்கிறார். சரி, கணக்கைப் போட்டுப் பார்ப்போம். யார் கேட்பதில் நாட்டுக்கு வலி குறைவு?

எளிதாக இருக்க a, α இரண்டும் 1 என்று வைத்துக்கொள்ளுங்கள். இலக்கு 4. ஏதோ ஒரு அதிர்ச்சியில் பணவீக்கம் 8 ஆகிவிட்டது.

முதலில் நடுத்தர வங்கி, பீட்டா 1. இரண்டாவது வரிப்படி π1 = 8 + x. மூன்றாவது வரிப்படி x = −(π1 − 4). ஒன்றை மற்றதில் பிரதியிட்டால் x = −4 − x. ஆக x = −2, பணவீக்கம் 6. வங்கி நிஜ வட்டியை இயல்பைவிட 2 சதவீதம் மேலே வைக்க வேண்டும். (இடைவெளி 4, அதில் பாதி 2. ஜான் டெய்லர் 1993-ல் எழுதிய புகழ்பெற்ற விதியில் பணவீக்க இடைவெளிக்குக் கொடுத்த 0.5 இந்தப் பாதிதான்.) அடுத்த ஆண்டு 6-ல் தொடங்கி x = −1, பணவீக்கம் 5. அதற்கடுத்து −0.5, பணவீக்கம் 4.5. இப்படியே பாதி பாதியாகப் போகும். இழந்த உற்பத்தியைக் கூட்டுங்கள்: 2 + 1 + 0.5 + 0.25 என்று போய் 4-ல் முடியும்.

இப்போது கறார் வங்கி, பீட்டா 3. முதல் ஆண்டே x = −3, பணவீக்கம் 5-க்கு வந்துவிடும். அடுத்த ஆண்டு −0.75, பணவீக்கம் 4.25. கூட்டினால்? 3 + 0.75 + 0.1875 என்று போய், மறுபடியும் 4.

இரக்கமுள்ள வங்கி, பீட்டா மூன்றில் ஒன்று. முதல் ஆண்டு −1 மட்டும், பணவீக்கம் 7. அடுத்த ஆண்டு −0.75. அதற்கடுத்து 0.5625. இழுத்துக்கொண்டே போகும். மொத்தம்? அதே 4.

நான்கு முறை சரிபார்த்துவிட்டேன், நீங்களும் பாருங்கள். காரணம் ஒன்றும் மர்மமல்ல. இரண்டாவது வரிப்படி பணவீக்கம் ஒரு புள்ளி இறங்க ஒரு புள்ளி உற்பத்தியைத் தியாகம் செய்ய வேண்டும். எட்டிலிருந்து நான்குக்கு இறங்க நான்கு புள்ளி. ஒரே நாளில் கட்டினாலும் தவணையில் கட்டினாலும் கடன் தொகை அதேதான். பீட்டா முடிவு செய்வது தவணைக் காலத்தை மட்டும். ஆக, "கறாராக இருந்தால் மொத்தத் துன்பம் குறையும்" என்பவரும், "இரக்கம் காட்டினால் மொத்தத் துன்பம் குறையும்" என்பவரும், இந்த வடிவத்தில் இருவருமே தோற்றவர்கள். விடியவிடிய மோதியது வீண்.

அப்படியானால் மொத்தத்தைக் குறைக்க வழியே இல்லையா? இருக்கிறது. இரண்டாவது வரியில் சமக்குறிக்கு அடுத்து நிற்கும் π0-வைப் பாருங்கள். நோட்ஸ் அதை ஒரு வார்த்தை விளக்காமல் தாண்டிப் போகிறது. என் கோபமே அங்கேதான்.

பிலிப்ஸ் 1958-ல் எழுதிய கட்டுரையில் இந்த உறுப்பு கிடையாது. பிரிட்டனின் ஏறக்குறைய நூறாண்டு வேலையின்மைக்கும் கூலி ஏற்றத்துக்கும் உள்ள தொடர்பை அவர் கோடாக வரைந்தார். மக்கள் எதை எதிர்பார்க்கிறார்களோ அதுவும் உள்ளே வர வேண்டும் என்று 1960-களின் பிற்பகுதியில் ஃபிரீட்மனும் ஃபெல்ப்ஸும் சேர்த்தார்கள். ஆக, அந்த இடத்தில் உண்மையில் இருக்க வேண்டியது "எதிர்பார்க்கும் பணவீக்கம்". π0 என்று எழுதுவது ஒரு அனுமானம்: போன வருடம் 8 என்றால் இந்த வருடமும் 8 என்றே எல்லோரும் நினைப்பார்கள், அதன்படியே கூலி கேட்பார்கள், விலை போடுவார்கள் என்பது. வங்கி சொல்லும் 4-ஐ ஒருவர்கூட நம்பவில்லை என்பதுதான் அதன் அர்த்தம்.

பாதிப் பேர் நம்பினால்? எதிர்பார்ப்பு 8-க்கும் 4-க்கும் நடுவில் 6. பீட்டா 1 என்றே வையுங்கள். π1 = 6 + x, x = −(2 + x), ஆக x = −1, பணவீக்கம் 5. அடுத்த ஆண்டு எதிர்பார்ப்பு 4.5, x = −0.25, பணவீக்கம் 4.25. கூட்டிப் பாருங்கள்: 1 + 0.25 + 0.0625 என்று போய் 1.33. நான்கு எங்கே, ஒன்றேகால் சொச்சம் எங்கே! அதே அதிர்ச்சி, அதே வங்கி, அதே பீட்டா. நம்பிக்கை பாதி வந்தவுடன் வலி மூன்றில் ஒரு பங்காகிவிட்டது. பீட்டாவை எவ்வளவு திருகினாலும் கிடைக்காதது இங்கே கிடைக்கிறது.

நம்பிக்கை இல்லாத நாட்டில் என்ன நடக்கும் என்பதற்கு அமெரிக்காவைப் பாருங்கள். 1979 ஆகஸ்டில் பால் வோல்க்கர் அந்நாட்டு மத்திய வங்கியின் தலைவரானார். பத்தாண்டுகளாக விலையேற்றத்தைப் பார்த்துப் பழகிய மக்கள் யார் பேச்சையும் நம்பத் தயாராக இல்லை. பணவீக்கம் 1980-ல் 14 சதவீதத்தைத் தாண்டியது. 1981-ல் குறுகிய கால வட்டி 20 சதவீதத்தைத் தொட்டது. வீடு கட்டுகிறவர்கள் கோபத்தில் மரத்துண்டுகளை வங்கிக்குத் தபாலில் அனுப்பினார்கள். 1982 கடைசியில் பணவீக்கம் 4-க்குக் கீழே வந்தது. அதே சமயம் வேலையின்மை 10.8 சதவீதம். மொத்தக் கடனையும் ரொக்கமாகக் கட்டின கணக்கு அது.

இனி நம் ஊருக்கு வருவோம். 2023 ஜூலை நினைவிருக்கிறதா? தக்காளி கிலோ நூறு ரூபாயைத் தாண்டி, தமிழக அரசு சென்னையில் ரேஷன் கடைகளில் 60 ரூபாய்க்கு விற்ற மாதம். அந்த மாதம் நாட்டின் சில்லறைப் பணவீக்கம் 7.44 சதவீதம். நோட்ஸை மனப்பாடம் செய்த பிள்ளை என்ன செய்யும்? 7.44-லிருந்து 4 போக 3.44, பாதி 1.72. நிஜ வட்டியை இயல்பைவிட 1.72 மேலே ஏற்று, உற்பத்தியை 1.72 சதவீதம் குறை என்று விடை எழுதி முழு மதிப்பெண்ணும் வாங்கும். ரிசர்வ் வங்கி என்ன செய்தது? ரெப்போ வட்டியை 6.50-லேயே விட்டது. செப்டம்பரில் பணவீக்கம் 5.02, அக்டோபரில் 4.87. வங்கி மாதிரியை மீறவில்லை. மாதிரியைச் சரியாகப் படித்தது. தக்காளி விலை அடுத்த ஆண்டு எதிர்பார்ப்புக்குள் புகாது என்று கணித்தது. செடி காய்த்தால் விலை இறங்கும் என்று சந்தைக்குப் போகிற எந்தப் பெண்ணுக்கும் தெரியும். அந்த 7.44-ஐ அப்படியே π0-வில் போடக் கூடாது.

"அப்படியானால் தக்காளிக்கு வட்டி எதற்கு என்று நான் சொன்னது சரிதானே?" என்று வீட்டுக்கடன் மாப்பிள்ளை துள்ள வேண்டாம். 2022 வேறு கதை. அந்த ஆண்டு ஏப்ரலில் பணவீக்கம் 7.79. அது ஒரு காய்கறியோடு நிற்கவில்லை. உணவையும் எரிபொருளையும் கழித்துப் பார்த்தாலும் விலைகள் ஏறிக்கொண்டிருந்தன. ஜனவரி முதல் செப்டம்பர் வரை, தொடர்ந்து மூன்று காலாண்டுகள், சராசரி 6 சதவீதம் என்ற மேல்வரம்பைத் தாண்டியது. ரெப்போவோ 2020 மே முதல் 4 சதவீதத்திலேயே கிடந்தது. 2022 மே 4-ம் தேதி திடீரென்று கூடி 4.40 ஆக்கினார்கள். 2023 பிப்ரவரிக்குள் 6.50. அங்கே வட்டி தேவைப்பட்டது. தாமதமாக வந்தது என்பதே என் குறை.

எது தக்காளி, எது தீ என்று எப்படிக் கண்டுபிடிப்பது? ரிசர்வ் வங்கியே பல நகரங்களில் வீடுவீடாகக் கேட்கிறது: அடுத்த மூன்று மாதத்தில், அடுத்த ஓராண்டில் விலைவாசி எவ்வளவு ஏறும் என்று நினைக்கிறீர்கள் என்று. மக்கள் சொல்லும் எண் பொதுவாக அரசுக் கணக்கைவிட மேலேதான் நிற்கும். எண்ணின் உயரத்தைவிட அது எந்தப் பக்கம் நகர்கிறது என்பது முக்கியம். நாமும் பார்க்கலாம். தக்காளி இறங்கியபின் ஓட்டல்காரர் பலகையில் சாப்பாட்டு விலையை இறக்குகிறாரா? பெயிண்டர், பிளம்பர் தினக்கூலி "இனி இதுதான்" என்று ஏறி நின்றுவிட்டதா? காய்கறிக் கூடையிலிருந்து கூலிக்குத் தாவிவிட்டால் அது π0 ஆகிவிட்டது என்று அர்த்தம். அப்போது வட்டி தேவை.

இப்போது என் முக்கியமான குற்றச்சாட்டு. மூன்று காலாண்டு தொடர்ந்து வரம்பை மீறினால், ஏன் மீறியது, என்ன செய்யப் போகிறோம், எப்போது இலக்குக்கு வருவோம் என்று ரிசர்வ் வங்கி அரசுக்கு எழுத வேண்டும் என்பது சட்டம். 2022 நவம்பரில் எழுதினார்கள். ஆனால் அந்தக் கடிதத்தை அப்போது மக்கள் பார்வைக்கு வெளியிடவில்லை. இங்கிலாந்தில் இப்படி இலக்கு தவறும்போது அந்நாட்டு வங்கியின் ஆளுநர் நிதியமைச்சருக்கு எழுதுவது திறந்த மடல். யாரும் படிக்கலாம். மேலே போட்ட கணக்கை வைத்துக்கொண்டு யோசியுங்கள். நம்பிக்கை பாதி இருந்தால் வலி 4-லிருந்து 1.33 ஆகிறது. அந்த நம்பிக்கையை வளர்க்க வட்டியைத் தவிர வங்கியிடம் இருக்கும் ஒரே கருவி பேச்சு, எழுத்து. இலக்கைத் தவறவிட்டபின் எழுதிய ஒரே விளக்கத்தை உறைக்குள் வைத்து ஒட்டிவிட்டால், "இவர்கள் 4-க்குக் கொண்டுவருவார்கள்" என்று ஓட்டல்காரர் எதை வைத்து நம்புவார்? கூலி கேட்கிறவர் எதை வைத்து நம்புவார்? வட்டியைப் பற்றி இத்தனை விவாதம் நடத்தும் தொலைக்காட்சிகள் இந்தக் கடிதத்துக்காக ஒரு ராத்திரியாவது கத்தியிருக்கலாம்.

முதல் வரியைப் பற்றியும் ஒரு வார்த்தை, ஏனென்றால் நம் ஊரில் அது பாதிப் பேரைத் தொடுவதே இல்லை. 2019 அக்டோபர் முதல் வங்கிகள் புதிதாகக் கொடுக்கும் மிதக்கும் வட்டி வீட்டுக்கடன்கள் ரெப்போ போன்ற வெளி அளவுகோலோடு கட்டப்பட்டிருக்கின்றன. ரெப்போ ஏறினால் மாப்பிள்ளையின் தவணையோ தவணைக் காலமோ ஏறும். அவர் புது வண்டி வாங்குவதைத் தள்ளிப்போடுவார். a என்பது அதுதான். ஆனால் நூற்றுக்கு மாதம் இரண்டு ரூபாய், மூன்று ரூபாய் என்று கைமாற்று வாங்குகிறவருக்கு ரெப்போ 4 ஆனால் என்ன, 6.50 ஆனால் என்ன? அவர் வட்டி ஏற்கெனவே வருடத்துக்கு 24, 36. வட்டி ஏற்றம் அவரை நேராகத் தொடாது. மாப்பிள்ளை வீடு கட்டுவதை நிறுத்தும்போது இவருக்குக் கொத்தனார் வேலை போகும், அந்த வழியில் தொடும். a சிறிதாக இருந்தால் அதே x-ஐ வரவழைக்க வட்டியை இன்னும் அதிகம் ஏற்ற வேண்டும். பாரம் முழுக்க வங்கிக் கடன்காரர் தலையிலும், கொத்தனார் தலையிலும். நோட்ஸில் a = 1 என்று போட்டுத் தாண்டிப் போவதற்குள் இவ்வளவு ஒளிந்திருக்கிறது.

மாதிரியை நான் தூக்கிப்பிடிக்கவில்லை. நிஜத்தில் α ஒரே எண்ணாக நிற்பதில்லை. சில காலங்களில் உற்பத்தி குறைந்தும் பணவீக்கம் அசையாது. வட்டி பூஜ்யத்தைத் தொட்டபின் கீழே போக இடமில்லாமல் முதல் வரி மாட்டிக்கொள்ளும். இதெல்லாம் அடுத்த வகுப்பு.

மேலே நான் சொன்னதில் ஒரு இடுக்கு இருக்கிறது, கூர்மையான பிள்ளைகள் இதற்குள் பிடித்திருப்பீர்கள். யாருமே நம்பாதபோது பீட்டா மொத்த வலியை மாற்றாது என்றேன். பாதிப் பேர் நம்பும்போதும் அப்படித்தானா? பீட்டா 3 என்று போட்டுப் பாருங்கள். முதல் ஆண்டு எதிர்பார்ப்பு 6, x = −1.5, பணவீக்கம் 4.5. மொத்தம் 1.71 வரும். 1.33-ஐவிடக் கூடுதல்! நம்பிக்கை தானாக இறக்கித் தரப்போகும் விலையை, கறார் வங்கி வேலை இழப்பால் வாங்குகிறது. உடனே இரக்க மாப்பிள்ளை கைதட்டுவார். அவருக்கு ஒரு கேள்வி: வங்கி மெத்தனமாக இருப்பதை மக்கள் பார்த்துக்கொண்டே இருந்தால் அந்தப் "பாதி" பாதியாகவே நிற்குமா? முதல் ஆண்டு பாதி, இரண்டாம் ஆண்டு கால், மூன்றாம் ஆண்டு முதல் யாருமே நம்பவில்லை என்று வைத்து, பீட்டா மூன்றில் ஒன்றுக்கு மொத்தத்தைக் கணக்கிடுங்கள். வழிமுறையோடு கமெண்டில் எழுதுங்கள், விடை மட்டும் எழுதினால் மதிப்பெண் கிடையாது.